ஒரே மூன்று கார்டு, இரண்டு பதில்: பதில் எங்கே பிரிகிறது?

கேள்வி: "வேலையை விட்டுவிட்டுத் தோழி தொடங்கும் தொழிலில் சேரலாமா என்று ஒரு டாரட் ரீடரிடம் நேரில் போய்க் கேட்டேன். மூன்று கார்டு வைத்தார்: எய்ட் ஆஃப் கப்ஸ், ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ், சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். கடைசிக் கார்டு தலைகீழாக வந்தது. 'போங்க, மனசளவுல நீங்க ஏற்கெனவே கிளம்பிட்டீங்க' என்றார். அதே ஸ்ப்ரெட்டை என் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து இன்னொரு ரீடருக்கு அனுப்பினேன். 'இப்ப வேண்டாம், கையில இருக்கறத விடாதீங்க' என்கிறார். இரண்டு பேருமே ஏமாற்றுகிறவர்கள் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே கார்டுக்கு எப்படி இரண்டு பதில்? அப்படியென்றால் டாரட் என்பதே சும்மாவா?"

நான் பல வருடங்களாக டாரட் பார்க்கிறேன், புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பெரும்பாலும் அவர்கள் இரண்டு ரீடரிடம் போய் இரண்டு தடவை கார்டு எடுத்திருப்பார்கள். கார்டும் வேறு, ஆளும் வேறு; எதனால் பதில் மாறியது என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. நீங்கள் கார்டை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அதனால் பதில் எந்த இடத்தில் பிரிந்தது என்று ஒவ்வொரு கார்டாகத் தேடிப் பார்க்க முடிகிறது. கார்டுகளைப் பற்றி நான் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். அந்த இரண்டு ரீடர்களைப் பற்றிச் சொல்வது ஊகம்தான்; நான் அந்த இடத்தில் இல்லை.

உங்களுக்கு வந்தது ரைடர்-வெயிட் கார்டுகள் என்று வைத்துக்கொள்கிறேன். இன்று பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது அதுவோ அதைப் பார்த்து வரைந்ததோதான். 1909-இல் லண்டனில் வெளிவந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். இந்தப் பெயர்களைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதல் கார்டு, எட்டுக் கோப்பை. கையில் கோலோடு, சிவப்பு உடையில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் நடந்து போகிறார். பின்னால் கோப்பைகள் அடுக்கி இருக்கின்றன: கீழே ஐந்து, மேலே மூன்று. மேல் வரிசையில் நடுவே ஓர் இடைவெளி தெரியும். மேலே நிலா குனிந்து பார்க்கிறது. இதைப் பார்த்து உங்கள் முதல் ரீடர் "மனசளவில் கிளம்பிவிட்டீர்கள்" என்று சொன்னதில் வியப்பில்லை, பெரும்பாலான ரீடர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இனி, அந்த இடைவெளியைக் கவனிக்கிற ரீடர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கோப்பை எதுவும் உடையவில்லை, கவிழவில்லை. அடுக்கு முடியாமல் நிற்கிறது. "நீங்கள் எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்" என்று அவர் சொன்னால் அதற்கும் கார்டில் இடம் இருக்கிறது. இரண்டு பேரும் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் படிக்கிறார்கள். ஒருவர் போகிற ஆளைப் பார்க்கிறார், இன்னொருவர் விட்டுப்போன கோப்பைகளைப் பார்க்கிறார்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று. வெயிட்டே தன் விளக்க நூலில் இந்தக் கார்டுக்கு வரும்போது, தனக்கு முன்னால் புழங்கிய வேறு சில பொருள்கள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன என்று எழுதிவைத்திருக்கிறார். மகிழ்ச்சி, சாந்தம், கூச்சம், கண்ணியம், அடக்கம் என்று அந்தப் பட்டியல் போகிறது. அதற்கும் படத்தில் இருக்கும் சோர்ந்த மனிதருக்கும் ஒட்டு உறவில்லை. படத்தைத் திட்டமிட்டவரே இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றால், நூறு வருடம் கழித்து இரண்டு ரீடர்கள் வேறுபடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது கார்டு, நான்கு நாணயம். தலையில் கிரீடம், அதன் மேல் ஒரு நாணயம். நெஞ்சோடு அணைத்தபடி ஒன்று. காலுக்கு அடியில் இரண்டு. ஆள் அசையவே முடியாதபடி உட்கார்ந்திருக்கிறார், பின்னால் ஒரு நகரம் தெரிகிறது. இங்கேதான் யாரிடம் கற்றோம் என்பது வேலை செய்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் எழுதப்பட்ட புத்தகங்களில் படித்தவர்கள் இந்த ஆளின் உடம்பைப் பார்ப்பார்கள்: இறுக்கம், பயம், விட மனமில்லாமை. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பின் வழியில் கற்றவர்களுக்கோ இந்தக் கார்டுக்கு முன்கூட்டியே ஒரு தலைப்பு உண்டு: உலகியல் வலிமை. அதே மரபிலிருந்து கிளைத்த தோத் கார்டுகளில் இதே கார்டுக்கு மனிதரே கிடையாது. மேலிருந்து பார்த்த ஒரு கோட்டை, நான்கு மூலையிலும் நான்கு காவல் கோபுரம். கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறவருக்குக் "கையில் இருப்பதை விடாதீர்கள்" என்பது நல்ல ஆலோசனை. நாணயத்தைக் கட்டிப்பிடித்த ஆளை மனதில் வைத்திருப்பவருக்கு அதே வாக்கியம் ஒரு நோய்க்குறி. வெயிட் எழுதியது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: உடைமையின் உறுதி, இருப்பதைப் பற்றிக்கொள்ளுதல், அப்புறம் பரிசு, பரம்பரைச் சொத்து என்றெல்லாம் சொல்கிறார். பற்றிக்கொள்வது நல்லதா கெட்டதா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

மூன்றாவது கார்டுக்குப் போகும் முன், நீங்கள் கேள்வியில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும். அந்த மூன்று இடங்களுக்கு என்ன பெயர்? மூன்று கார்டு ஸ்ப்ரெட் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அது ஒன்று இல்லை. மிகப் பரவலானது இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். இன்னும் பலர் பயன்படுத்துவது நிலைமை, தடை, ஆலோசனை. மேசையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: இடமிருந்து வலமாக மூன்று கார்டு. போட்டோவிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேரில் பார்த்த ரீடர் கார்டை வைக்கும்போதே மனதில் இடத்துக்குப் பெயர் வைத்திருப்பார். போட்டோ பார்த்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தனக்குப் பழக்கமான பெயர்களை வைத்துக்கொண்டிருப்பார்.

இதை உங்கள் கார்டுகளில் போட்டுப் பாருங்கள். நிலைமை, தடை, ஆலோசனை என்று படித்தால்: நிலைமை, நீங்கள் உள்ளுக்குள் கிளம்பிவிட்டீர்கள். தடை, இருப்பதை இறுக்கிப் பிடித்திருக்கும் கை. ஆலோசனை, படகில் ஏறுங்கள். பதில் "போங்கள்". இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று படித்தால்: முன்பு ஒன்றை விட்டுவிட்டு வந்தீர்கள். இப்போது காலுக்கு அடியில் உறுதியான தரை இருக்கிறது. இனி வரும் பயணம் தலைகீழாகக் கிடக்கிறது. பதில் "இப்போது வேண்டாம்". ஒரு கார்டின் பொருளைக்கூடப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. இடத்தின் பெயரை மாற்றினாலே உங்களுக்கு வந்த இரண்டு பதிலும் அப்படியே கிடைத்துவிடுகின்றன. என் அனுபவத்தில் இரண்டு நேர்மையான ரீடர்கள் எதிரெதிராகப் பேசினால் பாதிக்கு மேல் காரணம் இதுவாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் இதைக் கேட்பதில்லை.

பத்துக் கார்டு வைக்கிற கெல்டிக் கிராஸிலும் இதே கதைதான், இன்னும் சிக்கலாக. வெயிட் கொடுத்த முறையில் ஒன்பதாவது இடத்தின் பெயரே "நம்பிக்கைகள் அல்லது அச்சங்கள்". வருகிற கார்டு உங்கள் ஆசையா பயமா என்று முடிவு செய்வது ரீடர்தான். முறையே அவர் கையில் விட்டுவிடுகிறது.

சரி, ஆறு வாள். படகோட்டி ஒருவர் துடுப்புத் தள்ளுகிறார். முன்னால் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்த ஒரு பெண், பக்கத்தில் குழந்தை. படகில் ஆறு வாள்கள் செங்குத்தாகச் செருகியிருக்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, மறுபக்கம் அமைதியாக இருக்கிறது. நிமிர்ந்து வந்தால் பெரும்பாலோர் "கஷ்டத்திலிருந்து நிதானமான இடத்துக்கு நகர்வு" என்பார்கள். தலைகீழாக வந்தால்? தலைகீழைக் கணக்கிலேயே எடுக்காத ரீடர்கள் கணிசமாக இருக்கிறார்கள், நல்ல ரீடர்கள். கார்டை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் படிப்பார்கள். உங்கள் முதல் ரீடர் அந்த வகையாக இருக்கலாம். எடுத்துக்கொள்கிறவர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. பொருள் எதிர்மாறாகும் என்பார் ஒருவர், தாமதமாகும் என்பார் இன்னொருவர், பலம் குறையும் என்றும், வெளியே நடக்காமல் உள்ளுக்குள் நடக்கும் என்றும் சொல்பவர்கள் உண்டு. வெயிட்டின் பட்டியலில் ஆறு வாள் தலைகீழாக வந்தால் அறிவிப்பு, ஒப்புதல் வாக்குமூலம், ஊரறிதல் என்று இருக்கிறது. தடைப்பட்ட பயணம் என்று அங்கே இல்லவே இல்லை. கோல்டன் டான் வழியில் தலைகீழுக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் கார்டைப் பார்ப்பார்கள்: நாணயம் மண், வாள் காற்று, இரண்டும் ஒன்றுக்கொன்று பகை, அதனால் நடுக் கார்டு மூன்றாவதைப் பலவீனப்படுத்தும். அப்படிப் பார்க்கிறவர் கார்டு நேராக வந்திருந்தாலும் பயணம் தளரும் என்றுதான் சொல்லியிருப்பார்.

இதில் இன்னும் அடிப்படையான ஒரு விஷயம் இருக்கிறது. கார்டு தலைகீழாக வருவது கைப்பழக்கத்தைப் பொறுத்தது. சீட்டுக்கட்டை எப்போதும் ஒரே திசையில் பிடித்துக் கலைத்தால் ஒரு கார்டுகூடத் திரும்பாது. பாதிக் கட்டைப் பிரித்துச் சுற்றிச் சேர்த்தாலோ, மேசையில் பரப்பிக் கையால் துழாவினாலோதான் திரும்பும். அப்புறம் கவிழ்ந்த கார்டைப் புரட்டும் விதம். புத்தகப் பக்கம் போலப் பக்கவாட்டில் புரட்டினால் திசை மாறாது. கீழ் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கிப் புரட்டினால் நேர் தலைகீழாகிவிடும், தலைகீழ் நேராகிவிடும். மூன்றாவது, யார் பக்கத்திலிருந்து பார்ப்பது. ரீடர் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் அவருக்கு நேராக இருக்கும் கார்டு உங்களுக்குத் தலைகீழ். நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் போட்டோவில் ஆறு வாள் தலைகீழாகத் தெரிந்தது என்றால், எதிரே இருந்த ரீடருக்கு ஆறு வாள் நேராகவும் மற்ற இரண்டும் தலைகீழாகவும் இருந்திருக்கும். இரண்டு பேரும் உண்மையில் ஒரே ஸ்ப்ரெட்டைத்தான் பார்த்தார்களா என்பதே கேள்வி. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா, எதிரிலா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். இந்த ஒரு விவரம் போதும், மூன்றாவது கார்டில் இருக்கும் முரண்பாடு தீர்ந்துவிடலாம்.

கார்டுகளைத் தாண்டி இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. முதல் ரீடர் உங்களைப் பார்த்தார். தோழியின் தொழிலைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் ஏறியதா, வேலையைப் பற்றிச் சொல்லும்போது முகம் விழுந்ததா என்பதெல்லாம் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் அதை வேண்டுமென்றே பயன்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை. கவனமாகக் கேட்கும் எந்த மனிதருக்கும் அது தானாக உள்ளே போகும்; அது கார்டிலிருந்து வந்ததா உங்களிடமிருந்து வந்ததா என்று ரீடராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே முதல் பதிலில் உங்கள் ஆசை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாமவரிடம் நீங்கள் இல்லை, மூன்று படங்களும் ஒரு வரிக் கேள்வியும்தான் இருந்தன. முன்பின் தெரியாத ஒருவரை வேலையை விடச் சொல்வதற்குப் பொறுப்புள்ள எவரும் தயங்குவார்கள். இரண்டாவது பதிலில் அந்த ரீடரின் தயக்கம் கலந்திருக்கலாம். இது நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி, ஆனால் என் சொந்தப் பழக்கத்தில் இந்த இழுப்பை நான் உணர்ந்திருக்கிறேன்: எதிரே ஆள் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே கார்டு எனக்கு ஒரே மாதிரிப் பேசுவதில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நேராகச் சொல்கிறேன். இந்த முரண்பாட்டில் "சரியான" பொருளைக் காட்டித் தீர்த்துவைக்கும் மூலம் என்று ஒன்று கிடையாது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக உண்டான சீட்டுக்கட்டு. கார்டுகளுக்குள் பழைய எகிப்தின் ஞானம் ஒளிந்திருக்கிறது என்று 1781-இல் பிரான்ஸில் கூர் த ஜெப்லான் எழுதினார். அதற்கு ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை, எகிப்தின் சித்திர எழுத்துகளைப் படிக்க அப்போது யாருக்கும் தெரியவும் தெரியாது. சில வருடங்களில், 1785-இல், எத்தெய்யா என்ற பெயரில் எழுதியவர் டாரட்டை வைத்துக் குறி பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டார். அதற்குப் பின் ஒவ்வொரு குழுவும் தன் பட்டியலை முந்தைய பட்டியலின் மேல் எழுதிக்கொண்டே போனது. நீங்கள் பார்த்த படகும் நாணயத்தைக் கட்டிக்கொண்ட ஆளும் 1909-இல் ஸ்மித் வரைந்தவை. அதற்கு முந்தைய மார்சேய் கார்டுகளில் ஆறு வாள் என்றால் அழகாக வளைத்து வைத்த ஆறு வாள்கள், அவ்வளவுதான். படகும் இல்லை, பெண்ணும் இல்லை. பொருள் எல்லாம் மனிதர்கள் கொடுத்தது, எப்போது யார் கொடுத்தார்கள் என்பதும் பெரும்பாலும் தெரிகிறது. இது உறுதியான விஷயம்.

அதற்காகக் கார்டை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம் என்றும் ஆகாது. உங்கள் இரண்டு ரீடர்களும் எதில் ஒத்துப்போனார்கள் என்று பாருங்கள். இரண்டு பேரும் பேசியது விட்டுப்போவது, பற்றிக்கொள்வது, இடம் மாறுவது என்ற மூன்றைப் பற்றித்தான். புதுக் காதல் வரும் என்றோ, யாரோ சூழ்ச்சி செய்கிறார்கள் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. என் மாணவர்களிடம் ஒரு ஸ்ப்ரெட்டைக் கொடுத்து, இடங்களின் பெயரையும் தலைகீழைப் பற்றிய விதியையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டால், அவர்கள் பேசுகிற விஷயம் நன்றாகவே ஒத்துப்போகிறது. தீர்ப்புத்தான் மாறுகிறது: போகலாமா, இருக்கலாமா, நல்லதா, கெட்டதா. கார்டு பேசுபொருளைத் தருகிறது. அதில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை ரீடர் சேர்க்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த ஒத்துப்போதலை டாரட்டுக்கான சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஆள் முள்ளைத் திருப்பி வைத்த இரண்டு கடிகாரங்கள் ஒரே மணியைக் காட்டினால், அந்த மணி சரி என்று அர்த்தமில்லை. இரண்டு ரீடர்களும் ஒரே படத்தைப் பார்த்து, ஒரே வகைப் புத்தகத்தைப் படித்து வந்திருந்தால் ஒரே பதில் சொல்வார்கள். இரண்டு பேருமே "போங்கள்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் இங்கே கேள்வி கேட்டிருக்கவே மாட்டீர்கள், நிம்மதியாகக் கிளம்பியிருப்பீர்கள். உண்மையில் அப்போதும் உங்கள் தோழியின் தொழிலைப் பற்றி உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. அந்த வகையில் இந்த முரண்பாடு உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது.

"ஆனால் முதல் ரீடர் சொன்னது அப்படியே பொருந்தியதே" என்று தோன்றலாம். பொருந்துகிற உணர்வை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, அவரவர் குணத்தைப் பற்றிய அறிக்கை என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். இன்னொருவர் ரே ஹைமன், அவரும் அமெரிக்க உளவியலாளர். இளம் வயதில் கைரேகை பார்த்துவந்தவர், அதை உண்மையாகவே நம்பியவர். நண்பர் ஒருவர் சொன்ன யோசனைப்படி, ரேகை சொல்வதாகத் தான் நினைப்பதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் முன்பு போலவே "அப்படியே என்னைச் சொல்கிறீர்கள்" என்றார்கள். ஹைமனிடம் வந்தவர்களைப் போல நீங்களும், இரண்டாவது ரீடரிடம் முதலில் நேரில் போயிருந்தால், "ஆமாம், கையில் இருப்பதை விடக் கூடாதுதான்" என்று தலையாட்டியிருக்கக்கூடும். எனக்கு எதிரே உட்கார்கிறவர்கள் தலையாட்டுவதை நான் இப்போது சரியான பதிலுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே என் நிலை இது. நாளை என்ன நடக்கும் என்பதைக் கார்டு அறிந்திருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். என் இத்தனை வருடப் பழக்கத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல வைக்கும் எதையும் நான் பார்க்கவில்லை. "போனால் நன்றாக இருக்கும்", "போனால் நன்றாக இருக்காது" இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக முடியாது, அதனால் குறி என்று எடுத்தால் குறைந்தது ஒன்று தவறு. போதாததற்கு, நடந்தது எதுவானாலும் பின்னால் இருந்து பார்க்கும்போது இரண்டையும் சரியாக்கிவிடலாம். நீங்கள் போய்த் தொழில் படுத்துவிட்டால் முதலாமவர் "பற்றிய கையை முழுசா விடலையே" என்று சொல்ல இடம் இருக்கிறது. எந்த முடிவு வந்தால் தான் சொன்னது தவறு என்று ஒரு ரீடர் முன்கூட்டியே சொல்வதில்லையோ, அவர் சொன்னதை முன்னறிவிப்பாக எண்ண முடியாது. நான் உட்பட எங்களில் பெரும்பாலோர் சொல்வதில்லை.

யோசிப்பதற்கான கருவி என்று எடுத்தால் நிலைமை வேறு. அங்கே இரண்டு வாசிப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒருவர் உங்கள் கையின் இறுக்கத்தைக் காட்டினார், இன்னொருவர் காலுக்கு அடியில் இருக்கும் தரையைக் காட்டினார். இரண்டும் ஒரே கார்டில் இருக்கின்றன, இரண்டும் உங்கள் வாழ்க்கையிலும் இருக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு பதிலிலிருந்தும் "போங்கள்", "வேண்டாம்" என்ற தீர்ப்பு வாக்கியங்களை அடித்துவிடுவேன். மீதி இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இது எந்தக் கார்டில், படத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது?" என்று அந்தந்த ரீடரிடம் கேட்பேன். நேர்மையானவர் விரல் வைத்துக் காட்டுவார், அல்லது "இது கார்டில் இல்லை, எனக்குத் தோன்றியது" என்பார். இரண்டும் நல்ல பதில்தான். கூடவே மூன்று இடத்துக்கும் என்ன பெயர் வைத்தீர்கள், தலைகீழைக் கணக்கில் எடுப்பீர்களா, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவரையும், மற்றவர் சொன்னது தீய சக்தியின் வேலை, பரிகாரம் செய்ய இவ்வளவு ஆகும் என்கிறவரையும் விட்டு விலகிவிடுங்கள். உங்கள் இருவரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அடித்தது போக மீதி இருப்பது கேள்விகளாக மாறும். எட்டுக் கோப்பையிலிருந்து: இந்த வேலையில் முடிக்காமல் விடுவது எது, அது எனக்கு முக்கியமா? நான்கு நாணயத்திலிருந்து: சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும், அந்த எண்ணைத் தெரிந்துகொண்டுதான் பயப்படுகிறேனா, தெரியாமலேயேவா? ஆறு வாளிலிருந்து: படகை ஓட்டுவது யார்? தோழியோடு பங்கு, பொறுப்பு, பிரிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கார்டு பதில் சொல்லாது. கணக்குப் புத்தகமும் தோழியும் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: யார் சொன்னது சரி என்று பார்க்க மறுபடி கலைத்து மூன்றாவது ஸ்ப்ரெட் போடுவது. 78 கார்டில் மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள் இருக்கின்றன, தலைகீழையும் சேர்த்தால் அதைப்போல எட்டு மடங்கு. வருவது அநேகமாக வேறு மூன்று கார்டாகத்தான் இருக்கும். அதை வைத்து முதல் ஸ்ப்ரெட்டைத் தீர்க்க முடியாது. நீங்கள் விரும்பும் பதில் வருகிறவரை கலைத்துக்கொண்டே இருப்பீர்கள். இப்போது இருக்கும் போட்டோவையே இரண்டு ரீடருக்கும் அனுப்பி, மேலே சொன்ன மூன்று விவரங்களையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொல்வதை இங்கே எழுதினால், பதில் எந்த இடத்தில் பிரிந்தது என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.